பத்து போட்டாலும் எட்டு போட்டாலும் ஒன்றுதான்

ஒலிம்பிக் டைவிங் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். வீரர் பலகையிலிருந்து எம்பி, காற்றில் சுழன்று, தண்ணீருக்குள் மறைகிறார். சில நொடிகளில் திரையின் ஓரத்தில் ஏழு நடுவர்களின் மதிப்பெண்கள் வரிசையாக வருகின்றன. அடுத்த கணமே அவற்றில் நான்கு மங்கிப்போகின்றன. மிஞ்சும் மூன்றுதான் கணக்கில் சேரும்.

மங்குவது மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு நடுவர் தன் நாட்டு வீரருக்கு அள்ளிக் கொடுத்தாலும், இன்னொருவர் பிடிக்காதவருக்குக் கிள்ளிக் கொடுத்தாலும் அது செல்லாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. கேட்டதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு டைவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த வேலி எதைத் தடுக்கிறது, எதைத் தாண்ட விடுகிறது என்பது தெரியும்.

முதலில் முறையைப் பார்ப்போம். டைவிங்கில் ஒவ்வொரு நடுவரும் 0 முதல் 10 வரை, அரை அரையாக மதிப்பெண் தருகிறார். 7 முதல் 8 வரை என்றால் நல்ல டைவ், 8.5-க்கு மேல் போனால் மிக நல்ல டைவ், 10 அபூர்வம். ஒவ்வொரு டைவுக்கும் அதன் சுழற்சி, முறுக்கு, உடல் நிலை ஆகியவற்றை வைத்து முன்கூட்டியே கணக்கிட்ட ஒரு கடினத்தன்மை எண் உண்டு. எஞ்சும் மூன்று மதிப்பெண்களைக் கூட்டி அந்த எண்ணால் பெருக்கினால் அந்தச் சுற்றுக்கான புள்ளி வந்துவிடும்.

கடினத்தன்மை 3.4 உள்ள ஒரு டைவுக்கு ஏழு பேர் இப்படிப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 7.0, 7.0, 7.5, 7.5, 7.5, 8.0, 8.5. கீழே உள்ள இரண்டு 7.0-உம் மேலே உள்ள 8.0, 8.5-உம் போகின்றன. நடுவில் நிற்பவை மூன்று 7.5. கூட்டினால் 22.5. அதை 3.4-ஆல் பெருக்கினால் 76.50.

இப்போது 7.0 போட்ட இருவரில் ஒருவர் அந்த வீரரின் நாட்டுக்காரர், மனசாட்சியை ஓரமாக வைத்துவிட்டு 10 போடுகிறார் என்போம். வரிசை 7.0, 7.5, 7.5, 7.5, 8.0, 8.5, 10 என்று மாறுகிறது. அவருடைய 10 வெட்டுப்பட்டுவிட்டது. திரையிலும் அது மங்கிவிட்டது. ஆனால் நடுவில் நிற்பவை யாவை? 7.5, 7.5, 8.0. கூட்டல் 23.0, புள்ளி 78.20.

எண் செத்துவிட்டது, அதன் வேலை நடந்துவிட்டது. அந்த 10 மேலே போய் உட்கார்ந்ததால், முன்பு வெட்டுப்பட்டுக் கிடந்த 8.0 கீழே தள்ளப்பட்டு நடுவுக்குள் வந்துவிட்டது. வீரருக்கு 1.70 புள்ளி லாபம். ‘அவருடைய மதிப்பெண்தான் செல்லவில்லையே, அப்புறம் என்ன?’ என்று கேட்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். ஒரு மதிப்பெண்ணை நீக்குவதும், அதைப் போட்ட நடுவரை நீக்குவதும் ஒன்றல்ல.

அப்படியானால் இந்த ஏற்பாட்டால் பயனே இல்லையா? உண்டு. எதையும் வெட்டாமல் ஏழின் சராசரியை எடுத்து மூன்றால் பெருக்கியிருந்தால், நேர்மையான கணக்கில் 77.23 வந்திருக்கும், 7.0-ஐ 10 ஆக்கியதும் அது 81.60 ஆகியிருக்கும். ஒரே ஆளால் 4.37 புள்ளி ஏற்றம். வெட்டும் முறையில் அது 1.70-ஓடு நின்றது. அவர் 10-க்குப் பதில் 100 போட முடிந்தாலும் 1.70-க்கு மேல் ஒரு துளி ஏறாது. ஒரு ஆள் செய்யக்கூடிய கெடுதலுக்கு உச்சவரம்பு போடுவதுதான் இந்த முறையின் உண்மையான பலன்.

ஆனால் அந்த உச்சவரம்பே இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிறது. அதே நடுவர் 10-க்குப் பதில் அடக்கமாக 8.0 போட்டிருந்தால்? வரிசை 7.0, 7.5, 7.5, 7.5, 8.0, 8.0, 8.5. நடு மூன்றும் மறுபடி 7.5, 7.5, 8.0 தான். புள்ளி அதே 78.20. பத்து போட்டவருக்குக் கிடைத்த அதே லாபம் எட்டு போட்டவருக்கும் கிடைக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: பத்து போட்டவரை அரங்கமே திரும்பிப் பார்க்கும், எட்டு போட்டவரை யாரும் பார்க்கமாட்டார்கள். பக்கத்தில் இன்னொருவரும் எட்டுதானே போட்டிருக்கிறார்! முரட்டுப் பாரபட்சத்துக்குப் பயனில்லை என்று ஆக்கும் இந்த முறை, நாசூக்கான பாரபட்சத்தைத் தொடுவதே இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். போட்டியாளர் ஒருவர் அச்சாக அதே மதிப்பெண்களைப் பெறவேண்டிய டைவைச் செய்கிறார், 8.0 தரவேண்டிய நடுவர் 7.0 தருகிறார் என்றால் நடு மூன்றும் 7.0, 7.5, 7.5 ஆகும். 76.50 வரவேண்டியவருக்கு 74.80. ஒருவரைத் தூக்கி மற்றவரை அமுக்கினால் ஒரே சுற்றில் 3.40 இடைவெளி. அதேசமயம், நேர்மையாகவே 8.5 தரவேண்டிய நடுவர் 10 போட்டால் எதுவும் மாறாது. அவர் ஏற்கெனவே மேலே வெட்டுப்படுபவர்களில் ஒருவர். ஒருவரின் ஓரவஞ்சனை பலிக்குமா என்பது, நேர்மையாகப் போட்டிருந்தால் அவர் வரிசையில் எங்கே நின்றிருப்பார் என்பதைப் பொறுத்தது.

1.70, 3.40 எல்லாம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆண்கள் 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு போட்டியில் சீனாவின் சியோங் நீ 708.72 புள்ளியோடு தங்கம் வென்றார். மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ பிளாட்டாஸ் 708.42 புள்ளியோடு வெள்ளி பெற்றார். 0.30 வித்தியாசம். அன்றைய முறையில் ஏழில் மேலே ஒன்று, கீழே ஒன்று மட்டுமே வெட்டினார்கள். மீதி ஐந்தைக் கூட்டி 0.6-ஆல் பெருக்குவார்கள், ஐந்து மதிப்பெண்ணை மூன்றின் அளவுக்குக் கொண்டுவருவதற்காக. அந்தக் கணக்கில், கடினத்தன்மை 3.0 உள்ள ஒரு டைவுக்கு, கணக்கில் சேர்ந்த ஒரே ஒரு நடுவர் அரை மதிப்பெண் கூட்டியோ குறைத்தோ போட்டால் 0.90 மாறும். பதக்கத்தின் நிறத்தைத் தீர்மானித்த இடைவெளியைப்போல் மூன்று மடங்கு. அந்த முடிவில் முறைகேடு நடந்தது என்று சொல்லவரவில்லை. அரை மதிப்பெண்ணின் எடை அவ்வளவு என்பதற்குத்தான் இந்த உதாரணம்.

சிட்னி டைவிங் மதிப்பெண்களை அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் சிலர் பின்னால் அலசினார்கள். ஒவ்வொரு நடுவரும் சக நடுவர்களோடு ஒப்பிட்டால் தன் நாட்டவருக்கு எப்படிப் போட்டார், மற்றவர்களுக்கு எப்படிப் போட்டார் என்று பார்த்தார்கள். பலரிடம் தாய்நாட்டுப் பாசம் எண்களில் தெரிந்தது. ஒரு டைவில் கண்ணுக்குத் தெரியாத சாய்வு நூற்றுக்கணக்கான டைவ்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிந்துவிடுகிறது. ‘அடக்கமான எட்டு’ போடுபவரைப் பிடிக்க வழி இதுதான். ஆனால் அது போட்டி முடிந்த பிறகு செய்யும் வேலை. வெட்டும் முறையோ அந்த நொடியிலேயே வேலை செய்தாகவேண்டும்.

ஒன்று வெட்டுவது போதாது என்றுதான் பிற்பாடு டைவிங்கில் இரண்டிரண்டாக வெட்டும் முறை வந்தது. நம் உதாரணத்தையே பழைய முறையில் போட்டுப் பாருங்கள். நேர்மையான புள்ளி அதிலும் 76.50 தான். ஒருவர் 7.0-ஐ 10 ஆக்கினால் பழைய முறையில் 79.56, புதிய முறையில் 78.20. ஏற்றம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இன்னும் ஒருபடி போய், நடுவில் நிற்கும் ஒற்றை மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? அப்போது அதை மூன்றால் பெருக்கவேண்டியிருக்கும், கூட்டல் 1.5 படிகளாகத் தாவும். கொஞ்சம் நல்ல டைவும் கொஞ்சம் மட்டமான டைவும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். இருவர் சேர்ந்து குதிக்கும் டைவிங்கில் அந்த நிலைமை நிஜமாகவே உண்டு. அதில் 11 நடுவர்கள். ஒவ்வொரு வீரரின் செய்நேர்த்திக்கும் மூவர், இருவரின் ஒத்திசைவுக்கு ஐவர். ஒவ்வொரு குழுவிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று போனால், மூவர் குழுவில் மிஞ்சுவது ஒருவரின் எண் மட்டுமே.

வெட்டுவதில் நேர்மையானவரும் அடிபடுவார் என்பது இன்னொரு குறை. குளத்தின் இரு பக்கமும் நடுவர்கள் அமர்கிறார்கள். ஒரு பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்த கால் விலகல் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். அதைக் கவனித்துக் குறைத்துப் போட்டவரின் மதிப்பெண், பாரபட்சமாகக் குறைத்தவருடையதைப் போலவே வெட்டுப்படும். கணக்குக்குக் கண் கிடையாது. ஒதுங்கி நிற்கும் எண் உண்மையால் ஒதுங்கியதா, பொய்யால் ஒதுங்கியதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அறிவித்த டைவுக்குப் பதில் வேறு டைவ் செய்வது போன்ற பெரிய தவறுகளை நடுவர்களின் தனித்தனி மதிப்பெண்ணுக்கு விடுவதில்லை. தலைமை நடுவரே அந்த டைவ் தோல்வி என்று அறிவிப்பார். அது எல்லார் தாளிலும் பூஜ்யம்.

இந்த முறை கடைசியில் தோற்கும் இடம் கூட்டணி. நம் உதாரணத்தில் 7.0, 7.0, 7.5 போட்ட மூவரும் பேசிவைத்து 10 போட்டால் இரண்டு பத்துகள் வெட்டுப்படும். மூன்றாவது பத்து உள்ளே வந்துவிடும். 8.0, 8.5, 10 சேர்ந்து 26.5, புள்ளி 76.50-லிருந்து 90.10-க்குத் தாவும். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடி ஐஸ் ஸ்கேட்டிங் இப்படித்தான் சந்தி சிரித்தது. ஒன்பது நடுவர்களில் ஐவர் ரஷ்ய ஜோடிக்கும் நால்வர் கனடா ஜோடிக்கும் முதலிடம் தந்தார்கள். பிரெஞ்சு நடுவர் தனக்கு அழுத்தம் இருந்ததாகச் சொல்லிப் பின்னர் மறுத்தார். முடிவில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் தரவேண்டியதாயிற்று. அதன்பின் வந்த புதிய முறையில் ஐஸ் ஸ்கேட்டிங்கிலும் உச்சத்தையும் அடியையும் வெட்டத் தொடங்கினார்கள். ஆனால் ஒன்பதில் ஐவர் ஒரு பக்கம் நின்றால் எத்தனை வெட்டினாலும் நடுவில் நிற்பது அவர்களில் ஒருவர்தான்.

அடுத்த முறை திரையில் ஒரு 10 மங்கும்போது ‘நல்லவேளை, அதைத் தூக்கிவிட்டார்கள்’ என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். மங்காமல் நிற்கும் மூன்றில் ஓரமாக இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்தப் பத்து இல்லாவிட்டால் அது அங்கே நின்றிருக்குமா?