நம்பிக்கை விளையாட்டில் வளராது

கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாயச் சொல்லும் விளையாட்டில், சக ஊழியர் தாங்கிப் பிடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு நடந்தால் அவர் காட்டிக்கொடுப்பாரா என்பதுதான் தெரியாது. சந்தேகம் அங்கேதான் இருக்கிறது.

1990களில் அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாவதைக் கண்டார். அங்கே தவறைப் பேச யாரும் பயப்படவில்லை.

அந்தத் துணிச்சலை வளர்க்க, இரு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் போதும். அண்மையில் நடந்த ஒரே ஒரு சறுக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மேலாளர் அதில் தன் பங்கைச் சொல்ல வேண்டும்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் 500 மில்லிகிராம் பெட்டிக்குப் பதில் 250 போய்விட்டது என்று வையுங்கள். “ஏன் கவனிக்கவில்லை?” என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். “எடுக்கும்போது உங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது?” என்று கேட்டால், இரண்டு பெட்டிகளும் ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்து அடுக்கு என்ற உண்மை வெளிவரும். அடுக்கை மாற்றுவது யார், எந்த நாளுக்குள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டம் அதைச் சரிபார்த்தே தொடங்கட்டும். சொன்னது நடந்ததைப் பார்த்தபின்தான் ஒதுங்கி நிற்பவரும் வாய் திறப்பார்.

பேசுமுன் எல்லோரும் மேலாளர் முகத்தைப் பார்த்தால், பயம் இன்னும் போகவில்லை. இங்கே சொன்னது சம்பள உயர்வுப் பேச்சில் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், அத்தோடு எல்லாம் முடிந்தது.