கடைமடை வரை ஒரு நரம்பு
முதலாண்டு மருத்துவ மாணவனுக்கு ஒரு சீனியரின் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சௌராசியாவின் முதல் தொகுதியைச் சுருக்கி நீ எழுதிய குறிப்புகளைப் பார்த்தேன். ரேடியல் நரம்புக்கு மட்டும் பல பக்கங்கள். தொடக்கம், பாதை, அண்டை உறுப்புகள், கிளைகள், பாதிப்புகள் என்று புத்தகத்தின் அதே வரிசையில் போகிறது. வாக்கியங்கள்தான் குட்டையாகியிருக்கின்றன.

உன்னிடம் ஒரு கேள்வி. மேல்கை எலும்பு நடுவில் முறிந்த ஒருவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போகிறது. ஆனால் முழங்கையை நீட்ட முடிகிறது. இரண்டுக்கும் ஒரே நரம்புதானே, பிறகு ஏன் இப்படி? விடை உன் குறிப்பில் இருக்கிறது. பாதி ‘கிளைகள்’ பகுதியிலும் பாதி ‘பாதை’ பகுதியிலும் சிதறிக் கிடப்பதால் உன் கண்ணில் படவில்லை.

புத்தகம் அப்படி அடுக்கியதில் தவறில்லை. யார் எதைத் தேடினாலும் கிடைக்க வேண்டும் என்பது அதன் வேலை. உன் குறிப்பின் வேலை வேறு. நரம்பைச் சுருக்கும்போது ஒரே வரிசைதான் உதவும்: எந்தக் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது?

வெள்ளைத்தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடு. அதில் நான்கு இடங்களைக் குறி. முதலாவது அக்குள். முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசையின் நீளத் தலைக்கும் உட்தலைக்கும் இங்கேயே கிளைகள் பிரிந்துவிடுகின்றன. அடுத்தது எலும்பின் பின்புறமுள்ள ஸ்பைரல் பள்ளம். வெளித்தலைக்கும், மறுபடி உட்தலைக்கும் கிளைகள் இங்கே பிரிகின்றன. மூன்றாவது முழங்கைக்குச் சற்று மேலே, முன்புறம். பிராக்கியோரேடியாலிஸ் தசைக்கும், மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் நீளத் தசைக்கும் இங்கே கிளைகள் போகின்றன. முழங்கைக்கு முன்னால் நரம்பு இரண்டாகப் பிரிகிறது. மேலோட்டக் கிளை தோலுக்குப் போகிறது. ஆழ்கிளை சுபினேட்டர் தசையைத் துளைத்துக்கொண்டு, விரல்களை நீட்டும் தசைகளுக்குப் போகிறது. அதுதான் நான்காவது இடம்.

வாய்க்கால் நடுவில் உடைந்தால் மேல்மடை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். கடைமடைதான் காயும். உன் கோட்டை அப்படிப் பார்த்து, மூன்று இடங்களில் வெட்டிப் பார்.

அக்குளில் வெட்டு. கக்கத்தை அழுத்தும் ஊன்றுகோலை நெடுநாள் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே பாதிப்பு வரலாம். டிரைசெப்ஸும் போகும், மணிக்கட்டும் தொங்கும். பள்ளத்தில் வெட்டினால் அதுவே எலும்பு முறிந்தவரின் நிலை. டிரைசெப்ஸின் முக்கியக் கிளைகள் மேலேயே பிரிந்துவிட்டதால் முழங்கை நீளும், மணிக்கட்டு தொங்கும்.

மூன்றாவது வெட்டு சுபினேட்டருக்குள். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இங்கே மணிக்கட்டு தொங்காது. அதைத் தூக்கும் நீளத் தசைக்குக் கிளை மேலேயே பிரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தசை கட்டைவிரல் பக்கமாக இருப்பதால் மணிக்கட்டு அந்தப் பக்கம் சாய்ந்தபடி உயரும். விரல்களை அடிக்கணுவில் நீட்ட முடியாது. தோலுக்கான கிளை ஏற்கெனவே தனியாகப் போய்விட்டதால் மரத்துப்போவதும் இல்லை. இவ்வளவையும் உன் கோட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தால் அது சரியான சுருக்கம். முடியாவிட்டால் ஏதோ ஒரு கிளையைத் தவறான உயரத்தில் எழுதியிருக்கிறாய்.

எதை விடுவது என்று கேட்டிருந்தாய். முன்கையின் பின்புறத் தசைகள் எல்லாவற்றின் பெயரும் இந்தத் தாளுக்கு வேண்டாம். ‘மற்றவை’ என்றால் போதும். அவற்றுக்குத் தனி அட்டவணை வைத்துக்கொள். பள்ளத்தில் நரம்போடு கூடவே போகும் புரொஃபண்டா பிராக்கியை ரத்தக்குழாயை மட்டும் விட்டுவிடாதே. எலும்பு முறிந்தால் இரண்டுக்கும் ஒரே ஆபத்து. தோலைப் பொறுத்தவரை, படத்தில் பெரிய பகுதி நிறம் தீட்டியிருக்கும். பள்ளத்தில் காயம்பட்டால் உறுதியாக மரத்துப்போவது, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சிறு இடம் மட்டும்தான். பக்கத்து நரம்புகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சிறு இடத்தை மட்டும் எழுது.

டிசெக்‌ஷன் ஹாலில் அந்தப் பகுதியைப் பார்த்த பிறகே தாளை வரை. பள்ளத்தில் நரம்பு எலும்பை ஒட்டிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவனுக்கு, முறிவு ஏன் நரம்பைத் தாக்குகிறது என்று தனியாக எழுத வேண்டியிருக்காது.

இந்த முறை நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும்தான் சரிவரும். அக்குள், இங்குவினல் கால்வாய் போன்றவற்றுக்குச் சுவர்கள்தான் முக்கியம். அவற்றைப் பெட்டியாக வரைய வேண்டும். கருவியலுக்குக் கால வரிசை வேண்டும். தேர்வுத்தாளில் மட்டும் புத்தகத்தின் தலைப்பு வரிசைக்கே திரும்பிவிடு, திருத்துபவர் அதைத்தான் தேடுவார்.

அடுத்து அல்நார் நரம்பை இதேபோல் வரைந்து அனுப்பு. அது மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் நன்றாக மடங்கி நிற்கும். முழங்கையில் வெட்டுப்பட்டால், காயம் பெரிதாக இருந்தும் மடக்கம் குறைவு. விரலை மடக்கும் ஆழ்தசைக்கான கிளையை முன்கையின் மேற்பகுதியில் குறித்திருந்தால், ஏன் என்று உனக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்