ஒரு புள்ளி தப்பவிட்ட பெயர்

2015 பிப்ரவரி 24 அன்று அமெரிக்கக் கருவூலத் துறையின் ஓஃபாக் அலுவலகம், ஸ்லோவேனியாவின் மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. போதைப்பொருள் கடத்தல் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. பட்டியலில் அதன் பெயர் SIS d.o.o. என்று இருந்தது. 2008-லேயே அதனுடன் ஒப்பந்தம் போட்டிருந்த ஆப்பிளின் பதிவேட்டிலோ SIS DOO என்று இருந்தது. ஆப்பிளின் கணினி இரண்டையும் வேறு வேறாகக் கருதிவிட்டது. 47 முறை பணம் போய்ச் சேர்ந்தது. 2019-இல் 4,66,912 டாலர் கட்டி ஆப்பிள் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

d.o.o. என்பது நம்மூர் 'பிரைவேட் லிமிடெட்' மாதிரி ஓர் ஒட்டு. அதனால் ஒட்டையும் புள்ளியையும் நீக்கி, மூலப் பெயரை மட்டும் தேடுவதே முறை. ஓஃபாக்கின் இலவசத் தேடல் பக்கத்தில் பெயர்ப் பொருத்தத்துக்கு மதிப்பெண் வைக்கும் வசதி உண்டு. 100 என்றால் அச்சு அசலாக அதே பெயர்தான் வரும். குறைத்தால் எழுத்து மாறிய பெயர்களும் வரும். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! குறைத்துத்தான் தேடவேண்டும்.

பெயர் ஒத்துவந்ததுமே ஆர்டரை ரத்து செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வேறு யாரோவாக இருக்கும். பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண், பதிவு எண், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, முடிவைத் தேதியோடு கோப்பில் வைத்தால் போதும். விவரம் போதவில்லை என்றால் எதிர்த்தரப்பிடமே கேட்கலாம். கேட்டதும் நழுவுகிறவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆப்பிளின் இன்னொரு சறுக்கல், அந்த நிறுவனத்தின் இயக்குநரைத் தவறவிட்டது. அவரும் பட்டியலில் இருந்தார். அவர் பெயர் கணக்கு நிர்வாகியாகப் பதிவாகியும் இருந்தது. ஆனால் சோதனை அந்தப் பெயர்வரை போகவில்லை. கம்பெனியோடு இயக்குநர்கள், பங்குதாரர்கள் எல்லோரையும் தேடவேண்டும் என்பது இதனால்தான்.

பங்கு விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தடைப்பட்டவர்களின் பங்குகள் கூட்டாக 50 சதவீதத்தை எட்டினால், அந்த நிறுவனத்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் ஓஃபாக் அதையும் தடைப்பட்டதாகவே கொள்ளும். துபாயில் ஒரு வியாபார நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தடைப்பட்ட ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 25 சதவீதம். மொத்தம் 55, ஆகவே தொடக்கூடாது. வெறும் பெயர்த் தேடலில் இது சிக்கவே சிக்காது. பங்குதாரர் விவரத்தைக் கேட்டு வாங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு அமெரிக்கச் சட்டம் எதற்கு என்று தோன்றலாம். டாலரில் வரும் பணம் பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் வருகிறது. அங்கே முடங்கினால் சரக்கு ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம்.

உலக வங்கியின் விலக்கப்பட்டோர் பட்டியல் வேறு ரகம். மோசடி, லஞ்சம் போன்றவற்றுக்காக, வங்கிக் கடனில் நடக்கும் பணிகளிலிருந்து ஒரு நிறுவனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கிவைப்பது அது. அத்தகைய நிறுவனத்துக்குச் சொந்தப் பணத்தில் நூல் விற்பதை அந்தப் பட்டியல் தடுக்காது. உலக வங்கிக் கடனில் போடும் சாலைக்கு அதைத் துணை ஒப்பந்தக்காரராகச் சேர்த்தால் மட்டும் சிக்கல். இருந்தாலும், அதில் பெயர் இருப்பவருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புமுன் நான் இரண்டு முறை யோசிப்பேன்.