தொட்டாலே வீறிடும் குழந்தை

பிறந்து பத்து நாளான குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடை இடுக்கு சிவந்திருக்கிறது. டயபர் பட்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். மறுநாள் கழுத்து மடிப்பு, அக்குள், வாயைச் சுற்றி என எல்லா இடத்திலும் அதே சிவப்பு. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. பாட்டி தூக்கப் போனதும் குழந்தை வீறிட்டு அழுகிறது. மாலைக்குள், அவர் விரல் பட்ட இடத்தில் தோல் நனைந்த காகிதம்போல வழுக்கி, தாள்தாளாக உரிகிறது. வெந்நீர் கொட்டிவிட்டதோ என்று கேட்கத் தோன்றும்.

இதற்கு ஸ்டெஃபிலோகாக்கல் ஸ்கால்டட் ஸ்கின் சிண்ட்ரோம் என்று பெயர். 1878இல் பிராக் நகர மருத்துவர் ரிட்டர் இதை விரிவாக எழுதினார்.

கிருமி பெரும்பாலும் தோல் உரியும் இடத்தில் இருப்பதில்லை. தொப்புளிலோ, மூக்கிலோ, பீளை கட்டிய கண்ணிலோ சிறிதளவு இருந்துகொண்டு ஒரு நச்சை வெளியிடுகிறது. அந்த நச்சு ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய், மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதத்தை வெட்டிவிடுகிறது. பெரியவர்களின் சிறுநீரகம் இந்த நச்சை வெளியேற்றிவிடும். எதிர்ப்புச் சக்தியும் இருக்கும். பச்சிளங்குழந்தைக்கு இரண்டும் போதாது. கொப்புள நீரைப் பரிசோதித்தால் பல சமயம் கிருமி தெரியாததும் இதனால்தான். தொப்புளிலிருந்தும் மூக்கிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்.

டயபர் புண் வேறு. மூத்திரமும் மலமும் ஈரமும் உரசுவதால் வருவது அது. டயபர் தொடும் புடைப்பான இடங்கள் சிவக்கும். மடிப்பின் உட்புறம் பெரும்பாலும் தப்பிவிடும். பூஞ்சை சேர்ந்தால் மடிப்பும் சிவக்கும், சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். எப்படியிருந்தாலும் பெரும்பாலும் டயபரின் எல்லையைத் தாண்டாது, காய்ச்சல் வராது. பூஞ்சை சேராவிட்டால், டயபரைக் கழற்றிக் காற்றாட விட்டால் இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும்.

ஆகவே டயபரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துணி முழுவதையும் கழற்றிவிட்டுக் கழுத்தையும் அக்குளையும் வாயோரத்தையும் பாருங்கள். அங்கும் சிவந்திருந்தால், தொட்டால் அழுதால், உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே போதும், காத்திருக்கக் கூடாது. சில பச்சிளங்குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லாமல், பால் குடிப்பது மட்டும் குறையும்.

அங்கே ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். தோல் போன இடத்தில் நீரும் சூடும் வெளியேறுவதால் சலைனும் கதகதப்பும் தேவை. ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக வாங்கிப் பூசிவிடாதீர்கள்; இதற்கு அது உதவாது, கெடுதல்தான். உரிந்த தோலைப் பிய்க்கவும் வேண்டாம். வழியில் மெல்லிய சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, பால் கொடுத்தபடி கொண்டுபோங்கள்.

உரிவது மேலோட்டமான அடுக்கு மட்டும்தான். அதனால் நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில், தழும்பில்லாமல் புதுத்தோல் மூடிவிடுகிறது.