மௌனத்திற்கு முன்னும் பின்னும்

காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30 அன்று, ஆண்டுதோறும் காலை 11 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்படுகிறது. வசதியுள்ள ஊர்களில் தொடக்கத்தையும் முடிவையும் சங்கொலி அறிவிக்கும். சங்கு இல்லாத மண்டபத்தில் அப்பணியைச் சொற்களே செய்ய வேண்டும்.

தூத்துக்குடியில் 1936 நவம்பர் 18 அன்று மறைந்த வ.உ.சிதம்பரனாரின் நினைவுநாள் கூட்டத்தை எண்ணிப் பார்ப்போம். "மௌன அஞ்சலி" என்று மட்டும் அறிவித்தால், எவ்வளவு நேரம் என்றறியாத அவையோர் சற்றைக்கெல்லாம் கண்திறந்து ஒருவரையொருவர் நோக்குவர். எனவே தலைவர் இவ்வாறு கூறலாம்:

"கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டவரும், விடுதலைக்காகச் சிறையில் செக்கிழுத்தவருமான பெரியவரை ஒரு நிமிடம் மௌனமாக நினைப்போம். இயன்றவர்கள் எழுந்து நிற்கலாம். இயலாதவர்கள் அமர்ந்தபடியே நினைக்கலாம். முடிவில் மணி ஒலிக்கும்."

அறுபது விநாடிகளையும் கடிகாரம் பார்த்தே கணக்கிட வேண்டும். மனக்கணக்கு தவறிவிடக்கூடும். பின்னர் மணியை ஒருமுறை மென்மையாக அடித்து, அதன் நாதம் அடங்கும்வரை பொறுத்து, தாழ்ந்த குரலில், "நன்றி. மெல்ல அமரலாம்" என்றால் போதும். அனைவரும் அமர்ந்த பின்னரே அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டும். அவசரமாக அறிவித்தால், முதியோர் அமருமுன்னரே அந்த நினைவு கலைந்துவிடும்.