குறுஞ்செய்தியில் வணக்கமும் நன்றியும்

தந்தி இருந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு. ஆகவே மக்கள் சொற்களை எண்ணி எண்ணி எழுதினார்கள். ஆயினும் வாழ்த்தை யாரும் விட்டுவிடவில்லை. திருமணம், தீபாவளி முதலியவற்றுக்கான வாழ்த்துத் தொடர்களுக்குத் தந்தித்துறை எண்கள் கொடுத்திருந்தது. அனுப்புபவர் எண்ணை மட்டும் குறிப்பிட்டால் போதும். பெறுபவரின் கையில் முழு வாழ்த்தும் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. சுருக்கமாக எழுதும் தேவையோ கைப்பேசியில் தொடர்கிறது.

ஐதராபாத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். செகந்தராபாத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேச்சுப்போட்டிக்காக அவளுக்கு ஒரு நூல் கொடுத்து உதவினார். அதைத் திருப்பித் தர விரும்பிய அவள் முதலில் இவ்வாறு எழுதினாள்:

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச்சுப்போட்டிக்காகத் தாங்கள் அன்புடன் கொடுத்த நூல் எனக்கு மிகவும் பயனுடையதாக இருந்தது. அதற்காக என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நூலைத் திருப்பித் தர வேண்டும் என்று நினைக்கிறேன். தங்களுக்கு வசதியாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தங்கள் வீட்டிற்கு வரலாமா என்பதைத் தயவுசெய்து தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

தாளில் எழுதும் கடிதத்திற்கு இது மிகவும் பொருத்தம். கைப்பேசியிலோ, செய்தி வந்தவுடன் திரையில் முதல் ஓரிரு வரிகளே தோன்றும். அங்கே நலம் விசாரிப்பு மட்டுமே தெரியும். விடை கூற வேண்டிய கேள்வி கடைசியில் மறைந்திருக்கும்.

இதைச் சுருக்கும்போது பலர் வணக்கத்தையும் நன்றியையும் முதலில் வெட்டுகிறார்கள். “நூலைத் தர ஞாயிறு 5 மணிக்கு வருகிறேன்” என்று எழுதினால் அது கட்டளைபோல் ஒலிக்கும். உண்மையில் இடத்தை அடைப்பவை அவ்விரு சொற்கள் அல்ல. அவற்றைச் சுற்றியுள்ள தொடர்களே. ‘என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பதன் பொருள் முழுவதும் ‘நன்றி’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. மாணவி இவ்வாறு திருத்தினாள்:

“வணக்கம் ஐயா. பேச்சுப்போட்டிக்கு நீங்கள் தந்த நூல் மிகவும் உதவியது, நன்றி. அதைத் திருப்பித் தர ஞாயிறு மாலை 5 மணிக்கு வரலாமா?”

நாற்பத்தேழு சொற்கள் பதினேழாயின. ‘தயவுசெய்து’, ‘பணிவுடன்’ ஆகியவை போய்விட்டன, பணிவு போகவில்லை. ‘வருகிறேன்’ என்பது அறிவிப்பு. ‘வரலாமா?’ என்பது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. தெலுங்கில் பெயருக்குப் பின் ‘காரு’ என்று சேர்ப்பதை ஐதராபாத் மாணவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். தமிழில் மரியாதை பெரும்பாலும் ‘நீங்கள்’, ‘தாருங்கள்’ போன்ற சொற்களின் முடிவில் இருக்கிறது. அந்த முடிவை வெட்டி ‘நீ’, ‘தா’ என்றாக்குவது சுருக்கம் ஆகாது.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு இந்த அளவே நன்று. இணையம் இல்லாமல் எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பினால் மற்றொரு கணக்கும் உண்டு. ஓர் எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில் 160 குறிகளைத் தாங்கும். தமிழில் 70 குறிகளையே தாங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதில் கூடுதல் இடம் கொள்வதே காரணம். மேலும், புள்ளி, கொக்கி, கால் ஆகியவற்றைக் கைப்பேசி தனித்தனிக் குறிகளாக எண்ணுகிறது. ‘நன்றி’ நமக்கு மூன்றெழுத்து. கைப்பேசிக்கு ந, ன, புள்ளி, ற, கொக்கி என ஐந்து. ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, அதற்கு ஏழு. இடைவெளியும் ஒரு குறியே.

மாணவியின் செய்தியில் 123 குறிகள் உள்ளன. ஆகவே அது இரண்டு எஸ்.எம்.எஸ். ஆகும். ஒன்றில் அடக்க வேண்டுமானால் இப்படி எழுதலாம்:

“வணக்கம் ஐயா. நூலுக்கு நன்றி. அதைத் தர ஞாயிறு மாலை 5 மணிக்கு வரலாமா?”

இதில் 67 குறிகள். வணக்கமும் நன்றியும் சேர்ந்து 12 குறிகளே. ஆனால் நூல் எதற்கு உதவியது என்பது போய்விட்டது. நன்றி சற்று வறண்டு நிற்கிறது. காசோ இடமோ நெருக்கினாலன்றி, முந்தைய வடிவமே மேலானது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவி தந்தையின் கைப்பேசியிலிருந்து அனுப்பினால், தந்தையே எழுதியதாக ஆசிரியர் எண்ணக்கூடும். அப்போது இறுதியில் அவள் பெயர் வேண்டும். எஞ்சியுள்ள மூன்று குறிகளில் அது அடங்காது. செய்தி இரண்டாகப் பிரிந்தாலும், பெயரை எழுதியே ஆக வேண்டும்.