அண்ணாச்சி எடுத்துக் கொடுக்கும் பாக்கெட்

"அண்ணாச்சி, அரை கிலோ சோப்புத்தூள்."

"எதும்மா, வழக்கமா வாங்குறதா?"

"அதேதான். இல்லேன்னா நீங்களே நல்லதா ஒண்ணு குடுங்க."

புதிதாக ஒரு சலவைத்தூளைக் கொண்டுவரும் கம்பெனிக்குக் கிடைக்கும் இடம் இந்தக் கடைசி வாக்கியம்தான். சூப்பர் மார்க்கெட்டில் வாங்குபவர் தானே அலமாரி முன்னால் நின்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார். மளிகைக் கடையில் அலமாரி கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பவுடரும் கட்டி சோப்புமாக இருபது பெயர்கள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. பெயர் சொல்லிக் கேட்பவரை ஒரே நாளில் மாற்ற முடியாது. கேட்ட சரக்கு தீர்ந்துபோன நேரத்தில் வருபவரும், "நீங்களே குடுங்க" என்பவரும்தான் புதிய கம்பெனிக்குத் திறந்திருக்கும் வாசல். அந்த வாசலில் நிற்பவர் அண்ணாச்சி.

அப்படியானால் அவருக்கு லாபத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதுமே என்றுதான் பெரும்பாலான புதிய கம்பெனிகள் தொடங்குகின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அரைக் கிலோ பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 50 ரூபாய். பேர்பெற்ற தூள் கடைக்கு 46 ரூபாய்க்கு வருகிறது, பாக்கெட்டுக்கு 4 ரூபாய் மிச்சம். புதிய கம்பெனி 42.50-க்கே கொடுக்கிறது, மிச்சம் 7.50. ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் பழைய தூள் மாதம் 60 பாக்கெட் போகிறது, 240 ரூபாய் கிடைக்கிறது. புதியது 5 பாக்கெட்தான் போகிறது, கிடைப்பது 37.50. அதோடு, 24 பாக்கெட் கொண்ட ஒரு பெட்டியை வாங்க 1,020 ரூபாய் முடங்குகிறது. அது விற்றுத் தீர ஐந்து மாதம் ஆகும். பழைய தூளில் போட்ட பணமோ வாரத்துக்கு வாரம் திரும்பி வருகிறது. கடைக்காரர் இதைத் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை, மனசிலேயே போட்டுவிடுவார். "மார்ஜின் இருக்கு தம்பி, ஓட்டம் இல்லையே" என்று அவர் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அதனால் முதல் சரக்கைச் சிறிதாக இறக்க வேண்டும். பெட்டியை உடைத்து ஆறு பாக்கெட், கூடவே பத்து ரூபாய் சாஷே ஒரு சரம். சரத்துக்கு இன்னொரு பலன் உண்டு. அது அலமாரிக்குள் போகாமல் கடை வாசலில், வாங்குபவர் கண்ணெதிரில் தொங்கும்.

லாபக் கணக்குக்கு அப்பால் அண்ணாச்சிக்கு ஒரு பயமும் இருக்கிறது. அவரிடம் வாங்குபவர்கள் அதே தெருக்காரர்கள், பாதிப் பேர் மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள். "இது நல்லா இருக்கும்மா" என்று அவர் கொடுத்த தூள் நுரைக்கவில்லை என்றால், அந்த அம்மா கம்பெனியைத் திட்ட மாட்டார். "என்ன அண்ணாச்சி, இப்படிக் குடுத்துட்டீங்க" என்று கடைக்கு வருவார். ஏழரை ரூபாய்க்காக மாதம் மூவாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கும் வீட்டை யார் இழப்பார்கள்?

புகார் எங்கிருந்து வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். முதல் காரணம் தண்ணீர். ஆழ்குழாய் உப்புத்தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தூளின் வேலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரில் பொங்கும் தூள் அங்கே சோர்ந்துபோகும். அடுத்தது கை. விலையைக் குறைக்கச் சோடா உப்பை அள்ளிப் போட்ட தூளில் கையால் துவைத்தால் எரிச்சல் எடுக்கும். கடைசியாக மழைக்காலம். பாக்கெட் சரியாக ஒட்டப்படாவிட்டால் ஈரம் புகுந்து தூள் கட்டிதட்டிப்போகும். எந்த ஊரில் விற்கப்போகிறோமோ அந்த ஊர்த் தண்ணீரில் துவைத்துப் பார்க்காமல் சரக்கை இறக்கினால், கெடுவது கடைக்காரரின் பெயர்.

இந்தப் பயத்தைப் போக்க, முதலில் கடைக்காரர் வீட்டுக்கே ஒரு பாக்கெட் கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் துவைத்துப் பார்த்துவிட்டால், "எங்க வீட்லயும் இதான்மா" என்று தயங்காமல் சொல்வார். அதைவிட முக்கியம், வாங்கியவர் பிரித்த பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கலாம், அடுத்த வாரம் சேல்ஸ்மேன் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு புதியது தருவார் என்ற உறுதி. வாக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் சேல்ஸ்மேன் வராமல் போனால், அந்தக் கடை அத்தோடு முடிந்தது. ஆகவே நானூறு கடையில் ஒரு தடவை சரக்கு வைப்பதைவிட, நாற்பது கடைக்கு ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் போவது மேல் என்பேன்.

பெரிய ஸ்கீம்கள் இங்கேதான் கெடுதல் செய்கின்றன. மாதக் கடைசியில் டார்கெட்டை முடிக்க, "பன்னிரண்டு எடுத்தா ரெண்டு ஃப்ரீ" என்று சரக்கை ஏற்றிவிடுகிறார்கள். கம்பெனியின் ஏட்டில் விற்பனை எகிறும். ஆனால் சரக்கு வீட்டுக்குப் போகவில்லை, அலமாரிக்குத்தான் போயிருக்கிறது. தேங்கியதைத் தள்ள ஒரு கடைக்காரர் ஐந்து ரூபாய் குறைத்து விற்பார். பக்கத்துக் கடைக்காரர், "அங்க மட்டும் எப்படி அந்த விலை?" என்று ஏஜென்சியிடம் சண்டைக்கு வருவார். இதைக் கண்டுபிடிக்க அறிக்கை வேண்டாம். கடையில் முன்வரிசைப் பாக்கெட்டை எடுத்துத் தயாரிப்பு மாதத்தைப் பார்த்தால் போதும். மூன்று மாதம் பழையது என்றால் சரக்கு நகரவில்லை. முதல் ஆர்டர் எதையும் சொல்லாது. ஸ்கீம் இல்லாமல் கடைக்காரர் தானே கேட்டு வாங்கும் இரண்டாவது ஆர்டர்தான் கணக்கு.

கடைக்காரரை நம்பியே நில்லாமல், வீடுகளின் வழியாக வந்து ஜெயித்த கதை ஒன்று இந்தியச் சலவைத்தூள் வரலாற்றிலேயே இருக்கிறது. 1969-இல் அகமதாபாத்தில், குஜராத் அரசு வேலையில் இருந்த கர்சன்பாய் படேல் என்ற வேதியியல் பட்டதாரி வீட்டுக் கொல்லையில் மஞ்சள் தூளைக் கலந்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். அதுதான் நிர்மா. விலை அன்றைய சர்ஃபில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. முதலில் வீடுகள் பழகிக்கொண்டன, பிறகுதான் கடைகள் கேட்டன. 1980-களின் தொடக்கத்தில், கடன் நிலுவையை அடைக்காத கடைகளிலிருந்து சரக்கை அவர் திரும்ப எடுத்துவிட்டு டி.வி. விளம்பரத்தை ஓடவிட்டார் என்றும், கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாமல் கடைகள் கைக்காசோடு வந்து நின்றன என்றும் வணிகப் பாடங்களில் சொல்வார்கள். இந்தத் துணிச்சலைப் புதிய கம்பெனி அப்படியே பின்பற்றக் கூடாது. வீடுகள் பெயர் சொல்லிக் கேட்கும் நிலை வந்த பிறகே படேலால் அதைச் செய்ய முடிந்தது.

ஆனால் அதன் வரிசை பயன்படும். நாற்பது கடையைச் சுற்றியிருக்கும் தெருக்களில் வீடுவீடாகச் சின்னச் சாஷே கொடுத்து, "தீர்ந்தா அண்ணாச்சி கடையில இருக்கு" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கடையிலும் ஒன்றை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: இந்த வாரம் போன பாக்கெட்டில் நீங்கள் எடுத்துக் கொடுத்தது எத்தனை, அவர்களே பெயர் சொல்லிக் கேட்டது எத்தனை? பெயர் சொல்லிக் கேட்பவர்கள் பாதிக்கு மேல் ஆனதும், கடைக்கான 7.50-ஐ மெதுவாக 5-க்கு இறக்கி, மிச்சப் பணத்தைச் சுவர் விளம்பரத்துக்குத் திருப்பலாம். மாதம் 30 பாக்கெட் போகும் கடையில் அந்த 5 ரூபாயே 150 ரூபாய் ஆகிறது. அண்ணாச்சியும் அதை மறுக்க மாட்டார்.